கருத்தடை மாத்திரை போடும்போது பாதியில் ரத்தக்கசிவு: நிறுத்துவதற்கு முன்னால் அட்டையை எடுத்துப் பாருங்கள்

“அக்கா, பீரியட்ஸ் பாதியிலேயே வந்துடுச்சு, அதனால மாத்திரையை நிறுத்திட்டேன். அடுத்த பீரியட்ஸ் எப்போ வரும், எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்?”

என் சித்தி மகள் போனில் கேட்டது இது. நான் மகளிர் மருத்துவப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன், இதே கேள்வியை வாரத்தில் இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். அவளிடம் நான் முதலில் திருப்பிக் கேட்டது, கடைசி மாத்திரை போட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதைத்தான். பன்னிரண்டு நாள் என்றாள். எனக்குத் திக்கென்றது. ரத்தக்கசிவை நினைத்து அல்ல, அந்தப் பன்னிரண்டு நாளை நினைத்து. அவள் கதையைப் பின்னால் முழுதாகச் சொல்கிறேன், அதற்கு முன் அந்தக் கசிவு ஏன் வருகிறது என்று புரிந்தால்தான் அவள் எங்கே தவறினாள் என்பது விளங்கும்.

முதல் படி: கையில் இருப்பது எந்த மாத்திரை என்று பாருங்கள்

அட்டையைத் திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருக்கும் பெயர்களைப் படியுங்கள். எத்தினைல் எஸ்ட்ராடையால் என்று ஒரு பெயரும், கூடவே லெவோநார்ஜெஸ்ட்ரல், டெசோஜெஸ்ட்ரல், டிராஸ்பைரினோன் இவற்றில் ஏதோ ஒன்றும் இருந்தால் அது கூட்டு மாத்திரை. அதாவது ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டின் ஒன்று, இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்தது. கருத்தடைக்காக மட்டுமில்லை, பிசிஓஎஸ், அதிக ரத்தப்போக்கு, எண்டோமெட்ரியோசிஸ் என்று பல காரணங்களுக்காகவும் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். இந்த வழிகாட்டி முக்கியமாக இந்தக் கூட்டு மாத்திரையைப் பற்றியது.

எத்தினைல் எஸ்ட்ராடையால் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். 20 மைக்ரோகிராமா, 30-ஆ, 35-ஆ என்பது பின்னால் தேவைப்படும். சில அட்டைகளில் மைக்ரோகிராம் என்று போடாமல் மில்லிகிராம் கணக்கில் 0.02, 0.03 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் மாத்திரைகளை எண்ணுங்கள். 21 இருந்தால் எல்லாவற்றிலும் ஹார்மோன் உண்டு, முடித்துவிட்டு 7 நாள் இடைவெளி விட வேண்டும். 28 இருந்தால் கடைசிச் சில மாத்திரைகள் வேறு நிறத்தில் இருக்கும், அவற்றில் ஹார்மோன் கிடையாது. சில வகைகளில் அப்படி ஏழு, சிலவற்றில் நான்கு. இந்த ஹார்மோன் இல்லாத நாட்களில் வரும் ரத்தப்போக்கு எதிர்பார்த்தது. அது இயற்கையான மாதவிடாய் கூட இல்லை, ஹார்மோன் திடீரென்று நின்றதால் கருப்பையின் உள்பூச்சு உதிர்வது, அவ்வளவுதான். நாம் பேசப்போவது ஹார்மோன் உள்ள மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் வரும் கசிவைப் பற்றி. ஒரு பேன்ட்டி லைனருக்குள் அடங்கிவிடும் அளவு, பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ திட்டுத்திட்டாகப் பட்டால் அதை ஸ்பாட்டிங் என்கிறோம். நாப்கின் வைக்க வேண்டிய அளவுக்கு வந்தால் அது இடை ரத்தப்போக்கு. காரணங்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான், அளவுதான் வேறு.

அட்டையில் ஈஸ்ட்ரோஜன் பெயரே இல்லாமல் ஒரே ஒரு புரோஜெஸ்டின் மட்டும் இருந்தால் கதை கொஞ்சம் மாறும், அதைக் கடைசிப் பக்கம் தொட்டுவிட்டுப் போகிறேன்.

இரண்டாம் படி: ரத்தம் எங்கிருந்து வருகிறது

மாத்திரை இல்லாத ஒரு மாதத்தில், முதல் பாதியில் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது, அது கருப்பையின் உள்பூச்சை மெத்தை மாதிரி வளர்க்கிறது. கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து அந்த மெத்தையைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்கவில்லை என்றால் இரண்டு ஹார்மோன்களும் ஒரே சமயத்தில் இறங்கும், மெத்தை மொத்தமாக உதிரும், ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும். ஆரம்பமும் முடிவும் தெளிவாக இருப்பது இதனால்தான்.

கூட்டு மாத்திரையில் நடப்பது வேறு. முதல் நாளிலிருந்தே, புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் உடம்புக்குள் போகிறது. கருமுட்டை வெளியாகாமல் தடுக்கும் பெரும்பங்கு வேலையை அது செய்கிறது, கூடவே உள்பூச்சை வளரவும் விடுவதில்லை. சில மாதங்களில் உள்பூச்சு மிக மெல்லியதாகிவிடுகிறது. மெலிந்தால் ரத்தம் குறைய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மொத்தத்தில் குறையத்தான் செய்கிறது, ஆனால் மெலிந்த அந்தப் பூச்சுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன, சுவர் மெலிந்து கொஞ்சம் விரிந்தும் போகின்றன, சுற்றிலும் தாங்கிப் பிடிக்கச் சதையும் போதவில்லை. அதனால் இன்றைக்கு இங்கே ஒன்று உடையும், நாளைக்கு அங்கே ஒன்று. மொத்தமாக உதிர்வது இல்லை, ஓரிடத்தில் கசிந்து ஆறி, இன்னோரிடத்தில் கசிவது. ஸ்பாட்டிங் விட்டுவிட்டு வருவதற்கும், எப்போது முடியும் என்று சொல்ல முடியாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். கொஞ்சமாகக் கசிந்த ரத்தம் வெளியே வர நேரம் எடுக்கும், அதற்குள் நிறம் மாறிவிடும், அதனால்தான் பெரும்பாலும் பழுப்பாகத் தெரிகிறது. பழுப்பு என்றால் கெட்ட ரத்தம் என்று பயப்படுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது பழைய ரத்தம், வேறொன்றும் இல்லை.

மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் இங்கேதான் உதவுகிறது. உள்பூச்சைக் கொஞ்சம் உறுதியாக வைத்திருப்பது அதன் வேலை. 20 மைக்ரோகிராம் மாத்திரையில், 30 அல்லது 35 உள்ளதைவிடக் கசிவு அதிகம் வருவது இதனால்தான். அப்படியென்றால் ஏன் குறைந்த அளவைக் கொடுக்கிறார்கள்? ஈஸ்ட்ரோஜன் கூடினால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயமும், குமட்டலும், மார்பகங்களில் வலியும் கூடும் என்பதால். ஆரம்ப கால மாத்திரைகளில் இன்றைக்குக் கொடுப்பதைப் போல் பல மடங்கு ஈஸ்ட்ரோஜன் இருந்தது, ரத்தம் உறைந்து பிரச்சினை வந்த பிறகுதான் படிப்படியாகக் குறைத்தார்கள். இன்றைய ஸ்பாட்டிங் ஒரு வகையில் அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை.

இதில் ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கசிவது கருப்பையின் உள்பூச்சு, கருமுட்டையைத் தடுத்து வைத்திருப்பது சினைப்பையில் நடக்கும் வேலை. இரண்டும் வேறு வேறு இடம். மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கசிவு வந்தால், கருத்தடை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

முதல் மூன்று மாதம் இது மிகச் சாதாரணம். அதுவரை தடிமனாக வளர்ந்து பழகிய உள்பூச்சு மெல்லியதாக மாறும் காலம் அது, ஒழுங்காக மாறாது, அங்கங்கே உதிர்ந்து உதிர்ந்துதான் மாறும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது நான்காவது அட்டைக்குள் தானாகக் குறைந்துவிடும். அதனால்தான் முதல் அட்டையிலேயே “எனக்கு இது ஒத்துக்கலை, மாத்திக் கொடுங்க” என்று வருபவர்களிடம் மருத்துவர்கள் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். அலட்சியத்தால் சொல்வதில்லை. மாற்றினால் புது மாத்திரைக்கும் உள்பூச்சு மறுபடி பழக வேண்டும், கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்றாம் படி: கசிவு வந்த அன்றும் மாத்திரையைப் போடுங்கள்

வழக்கமான நேரத்தில், வழக்கமான மாத்திரை. நிறுத்தவும் வேண்டாம், கசிவை நிறுத்துவதற்காக நீங்களாகவே ஒரு நாளைக்கு இரண்டாகவும் போட வேண்டாம். இரண்டு இரண்டாகப் போட்டால் அட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும், எந்த நாளுக்கு எது என்ற கணக்கும் குழம்பிவிடும்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டு மூன்று நாளில் ஹார்மோன் அளவு முழுதாக இறங்கும், இதுவரை துளித்துளியாக இருந்தது நிஜமான ரத்தப்போக்காக மாறும். அப்போது “பார்த்தியா, பீரியட்ஸ்தான் வந்திருக்கு, நிறுத்தினது சரிதான்” என்று தோன்றும். நிறுத்தியதால்தான் அது வந்தது.

நான்காம் படி: பின்னோக்கி ஏழு நாளைப் பாருங்கள்

ஒரு காலண்டரையோ நோட்டையோ எடுத்து, கசிவு ஆரம்பித்த நாளை வட்டமிடுங்கள். அங்கிருந்து ஒரு வாரம் பின்னால் போங்கள். கசிவுக்கான காரணம் அநேகமாக அந்த ஏழு நாளுக்குள் இருக்கும். நான் பார்த்த வரையில், மூன்று மாதம் தாண்டிய பிறகு புதிதாக வரும் ஸ்பாட்டிங்குக்கு முதல் காரணம் விட்டுப்போன மாத்திரைதான். “நான் விடவே இல்லையே” என்று உறுதியாகச் சொன்னவர்களும் அட்டையைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் எண்ணும்போது ஒன்று அதிகமாக இருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறார்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள், எண்ணுங்கள். அட்டை வாங்கிய அன்றே ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் தேதியைப் பேனாவால் எழுதிவிட்டால் இந்தச் சண்டையே வராது.

ஒரு மாத்திரை விட்டுப்போயிருந்தால், நினைவு வந்த உடனே அதைப் போட்டுவிடுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போக வேண்டி வந்தாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும் விட்டதால் கருத்தடைப் பாதுகாப்பு பொதுவாகக் குறையாது, ஆனால் உள்பூச்சு அந்த ஒரு நாள் இறக்கத்தையே உணர்ந்துவிடும், இரண்டு மூன்று நாள் கழித்துக் கசியலாம்.

இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ச்சியாக விட்டிருந்தால் விஷயம் தீவிரம். கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டு, அதற்கு முன் விட்டவற்றை எறிந்துவிட்டு, மிச்சத்தை வழக்கம்போலத் தொடருங்கள். தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை போடும் வரைக்கும் ஆணுறை வேண்டும். விட்டது அட்டையின் மூன்றாவது வாரம் என்றால், ஹார்மோன் உள்ள மாத்திரைகளை முடித்ததும் இடைவெளி விடாமல் நேராக அடுத்த அட்டையை ஆரம்பியுங்கள். விட்டது முதல் வாரத்தில் என்றால்தான் ஆபத்து அதிகம், ஏன் என்று சொல்கிறேன்: ஹார்மோன் இல்லாத ஏழு நாளில் சினைப்பை மெல்ல விழித்துக்கொள்ள ஆரம்பிக்கும். ஏழாம் நாள் முடிந்து புது அட்டை ஆரம்பிக்கும்போது மறுபடி அமுங்கிவிடும். அந்தச் சமயத்தில் மாத்திரையை விட்டால் இடைவெளி ஏழு நாளைத் தாண்டி நீள்கிறது, முட்டை வளர்ந்து வெளியாகவும் வாய்ப்பு வந்துவிடும். முதல் வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டு, கடந்த ஐந்து நாளுக்குள் பாதுகாப்பில்லாத உடலுறவும் இருந்திருந்தால், அவசரக் கருத்தடை பற்றி அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றால், அடுத்து வயிற்றைப் பாருங்கள். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் அது உடம்பில் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு இன்னொன்று போட வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து கடுமையான வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அந்த நாட்களில் மாத்திரையை விழுங்கியிருந்தாலும் விட்டதாகவே கணக்கு.

அடுத்து வேறு மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாஸெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், டோபிரமேட், எச்ஐவி மருந்துகள் சில, மனச்சோர்வுக்கு மூலிகை என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இவை கல்லீரலை முடுக்கிவிட்டு மாத்திரையின் ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். இங்கே மட்டும் நான் மேலே சொன்ன ஆறுதல் பொருந்தாது. இந்த மருந்துகளோடு கசிவு வருகிறது என்றால் ஹார்மோன் அளவே குறைந்துவிட்டது என்று பொருள், கருத்தடையையும் நம்ப முடியாது. மருந்தை நிறுத்தின பிறகும் நான்கு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும். வலிப்பு மாத்திரையையோ காசநோய் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். கருத்தடை முறையைத்தான் மாற்ற வேண்டும், உடனே மருத்துவரிடம் போய் வேறு முறை கேளுங்கள், அதுவரை ஆணுறை. தொண்டை வலிக்கும் சளிக்கும் கொடுக்கும் அமாக்ஸிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் இந்த வரிசையில் இல்லை, அதனால் பாதுகாப்பு குறைவதில்லை. அதனால் வாந்தி பேதி வந்தால் மட்டும் மேலே சொன்ன கணக்கு.

புகைபிடிப்பவர்களுக்கும் ஸ்பாட்டிங் அதிகம். அதுவும் 35 வயதைத் தாண்டிப் புகைபிடித்தால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையே கூடாது, இதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சித்தி மகளுக்கு நடந்தது

இப்போது அவள் கணக்கைப் பார்ப்போம். 21 மாத்திரை அட்டை, ஈஸ்ட்ரோஜன் 20 மைக்ரோகிராம், தினமும் இரவு ஒன்பதரைக்கு. முதல் அட்டையின் இரண்டாம் வாரத்தில் ஐந்தாறு நாள் பழுப்பாகக் கசிந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை, அட்டையை முடித்தாள், ஏழு நாள் இடைவெளியில் மூன்று நாள் ரத்தப்போக்கு, புது அட்டையைச் சரியாக ஆரம்பித்தாள். இது வரை எல்லாம் சரி.

இரண்டாவது அட்டையில் எட்டாம் நாள் இரவு பயணத்தில் இருந்தாள், மாத்திரை பெட்டிக்குள், பெட்டி பஸ்ஸின் அடியில். ஒன்பதாம் நாள் இரவுதான் ஞாபகம் வந்தது, இரண்டையும் சேர்த்துப் போட்டாள். அதுவும் சரிதான். பத்தாம் நாள் ஒன்று. பதினோராம் நாள் காலையில் பழுப்பாக ஒரு திட்டு, மத்தியானம் லேசான சிவப்பு. புதிதாக ஆரம்பித்த காலம், குறைந்த ஈஸ்ட்ரோஜன், நடுவில் ஒரு மாத்திரை விட்டது, மூன்றும் சேர்ந்திருக்கிறது, கசியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அன்றிரவும் ஒன்பதரைக்குப் பதினோராவது மாத்திரையைப் போட்டிருந்தால் சில நாளில் அடங்கியிருக்கும்.

அவள் பீரியட்ஸ் என்று நினைத்து அன்றிலிருந்து நிறுத்திவிட்டாள். பதின்மூன்றாம் நாள் நன்றாகவே ரத்தம் வந்தது, பதினேழாம் நாள் நின்றது. பெரிய தவறு அதற்குப் பிறகுதான். முதன்முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது “பீரியட்ஸ் வந்த முதல் நாள் ஆரம்பிங்க” என்று சொல்லியிருந்தார்கள். அந்த முதல் நாள் போய்விட்டதே, இனி அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அந்தச் சொல் முதல் அட்டைக்கு மட்டும் உரியது. மாத்திரைக்குப் பழகிய பிறகு இடைவெளியை நாள் எண்ணித்தான் முடிக்க வேண்டும், ரத்தத்தைப் பார்த்து அல்ல. ஏழு நாளைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் சினைப்பைக்குச் சுதந்திரம்.

அவள் எனக்கு போன் செய்தபோது மாத்திரை இல்லாத பன்னிரண்டாம் நாள். தயங்கித் தயங்கிக் கேட்டேன், இரண்டு நாள் முன்னால் உடலுறவு இருந்தது என்றாள், ஆணுறை இல்லாமல். அன்று மாலையே அவளை மருத்துவரிடம் அனுப்பினேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரை கொடுத்தார், அது மூன்று நாளுக்குள் போட வேண்டியது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்றிரவே புது அட்டையை ஆரம்பிக்கச் சொன்னார், ஏழு நாள் ஆணுறை, மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. அவசர மாத்திரைகளில் யூலிப்ரிஸ்டல் என்று இன்னொன்று உண்டு, அதைப் போட்டால் வழக்கமான மாத்திரையை அன்றே ஆரம்பிக்கக் கூடாது, ஐந்து நாள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும். எது கொடுத்தார்கள் என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பப் பரிசோதனையை ஏன் மூன்று வாரம் கழித்து என்றால், பாதுகாப்பில்லாத உறவிலிருந்து 21 நாள் ஆன பிறகு இல்லை என்று வந்தால்தான் அதை நம்பலாம். அதற்கு முன் இல்லை என்று வந்தால் இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

ஐந்தாம் படி: மூன்று மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால்

ஒழுங்காகப் போட்டும் நான்காவது அட்டையிலும் கசிகிறது, அல்லது ஒன்றிரண்டு வருடம் சுத்தமாக இருந்துவிட்டுத் திடீரென்று ஆரம்பித்திருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்த இரண்டாவது வகையை நான் அதிகம் கவனிப்பேன். பழகிய மாத்திரையில், நேரம் தவறாத ஒருவருக்குப் புதிதாகக் கசிந்தால் மாத்திரையைத் தாண்டி யோசிக்க வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை. அப்புறம் கிளாமிடியா போன்ற, உடலுறவு வழியாகப் பரவும் தொற்று. வலியோ நாற்றமோ எதுவும் இல்லாமல், இடையில் கசியும் ரத்தம் மட்டுமே அதன் அறிகுறியாக இருப்பது உண்டு. அதனால் அந்தப் பரிசோதனைக்குச் சொன்னால் உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கருப்பை வாயையும் நேரடியாகப் பார்ப்பார்கள், அங்கே புண் போன்ற சிவப்போ, பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சியோ இருக்கலாம், அரிதாகப் புற்றுநோய். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனை நாள் தள்ளிப் போயிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன், கருப்பைக் கட்டியோ உள்பூச்சில் பாலிப்போ இருக்கிறதா என்று பார்க்க.

போகும்போது வெறும் “அப்பப்போ வருது” என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறி போட்ட காலண்டரும் வேண்டும்: லைனர் போதும் என்றால் புள்ளி, நாப்கின் தேவை என்றால் கோடு, மாத்திரை விட்ட நாளுக்குப் பெருக்கல் குறி, உடலுறவுக்குப் பின் வந்த கசிவு என்றால் தனியாக ஒரு அடையாளம். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வேறு கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாத்திரையை மாற்றும் பேச்சு. 20 மைக்ரோகிராமில் இருப்பவரை 30-க்கு ஏற்றுவார்கள், அல்லது புரோஜெஸ்டின் வகையை மாற்றிப் பார்ப்பார்கள். எந்தப் புரோஜெஸ்டின் யாருக்கு ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, போட்டுப் பார்த்துத்தான் தெரியும். அதற்கும் மூன்று மாதம் கொடுக்க வேண்டும். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் ஈஸ்ட்ரோஜனை ஏற்றுவது மட்டுமில்லை, ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையே பொருந்தாது. தோழிக்கு நின்றது என்று அவள் அட்டையை வாங்கிப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இடைவெளியே விடாமல் மாதக்கணக்கில் தொடர்ந்து போடுபவர்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. அவர்களுக்குக் கசிவு அதிகமாகவே வரும், குறிப்பாக முதல் சில மாதம். குறைந்தது 21 நாள் தொடர்ந்து போட்டு முடித்திருந்து, கசிவு மூன்று நான்கு நாளாக விடவில்லை என்றால், நான்கு நாள் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஐந்தாம் நாள் ரத்தம் நின்றதோ இல்லையோ மறுபடி ஆரம்பிக்கலாம். அந்த நான்கு நாளில் உள்பூச்சு ஒரேயடியாக உதிர்ந்து சுத்தமாகிறது, திரும்ப ஆரம்பித்ததும் கசிவு பெரும்பாலும் அடங்குகிறது. 21 நாள் முடியாமல் இதைச் செய்யக் கூடாது, மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேலும் கூடாது, அந்த நான்கு நாள் இடைவெளி எக்காரணத்தாலும் ஏழு நாளைத் தாண்டி நீளவே கூடாது. முதல் தடவை செய்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை என்றால்

பாலூட்டும் பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்கும் கொடுப்பது இது. உள்பூச்சைப் பிடித்து வைக்க ஈஸ்ட்ரோஜன் இதில் இல்லை, அதனால் ஒழுங்கில்லாத கசிவு இதில் இன்னும் சகஜம். சிலருக்கு ரத்தப்போக்கே நின்றுவிடும், சிலருக்கு மாதாமாதம் வரும், சிலருக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். நேரம் இதில் மிகவும் முக்கியம்: பழைய வகைகளில் மூன்று மணி நேரம் தாமதித்தாலே விட்டதாகக் கணக்கு, டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் உள்ளதில் 12 மணி நேரம் வரை தாங்கும். மேலே நான் கூட்டு மாத்திரைக்குச் சொன்ன கணக்குகளை இதற்குப் போட்டுப் பார்க்காதீர்கள், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கசிவோடு அடிவயிற்றில் கடுமையான வலி, அதிலும் ஒரு பக்கமாக வலித்துத் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். ஒவ்வொரு உடலுறவுக்குப் பின்னும் ரத்தம் பட்டால் அவசரமில்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். அப்புறம் ரத்தக்கசிவோடு சம்பந்தமில்லை என்றாலும் கூட்டு மாத்திரை போடுபவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது: ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை மங்கினாலோ அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சித்தி மகளுக்கு மூன்று வாரம் கழித்துச் செய்த பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. புது அட்டையின் முதல் வாரம் அவளுக்கு மறுபடி பழுப்பாகப் பட்டது, இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. இரவு ஒன்பதரைக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறாள், அட்டை இப்போது பெட்டிக்குள் போவதில்லை, தோள்பையின் முன் அறையில் இருக்கிறது, ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் தேதி எழுதி. அதற்கடுத்த அட்டையில் இரண்டே நாள், இரண்டு புள்ளி. போன வாரம் காலண்டரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள், அந்த மாதத்துப் பக்கத்தில் இடைவெளி நாட்களின் கோடுகளைத் தவிர வேறு குறியே இல்லை.